கடைசி நாள் பேச்சு, புள்ளைங்களுக்கு மட்டும்

எனக்கு ரிட்டயர்மென்ட் தேதி 2025 மே 31. அன்னைக்குப் பள்ளிக்கூடத்துல ஒரு புள்ளை கூட இருக்காது, எல்லாம் கோடை லீவுல பாட்டி வீட்டுல இருக்கும். இது எனக்கு மட்டும் இல்ல, எங்க தலைமுறை ஆசிரியர்கள்ல நிறையப் பேருக்கு சர்ட்டிபிகேட்படி பொறந்த மாசம் மே இல்லாட்டி ஜூன், ஏன்னு அப்புறம் சொல்றேன். நடு வருஷத்துல அறுபது முடியறவங்களுக்குக் கூட கல்வியாண்டு முடியுற வரைக்கும் மறுநியமனம் குடுத்துருவாங்க, அதனால அவங்களும் கடைசியில லீவுலதான் வெளிய வருவாங்க. ஆக பேப்பர்ல கடைசி நாள்னு ஒண்ணு, புள்ளைங்களைக் கடைசியா பாக்குற நாள்னு ஒண்ணு. அந்த ரெண்டாவது நாள் ஏப்ரல்ல வருது, பரீட்சை முடிஞ்சு, வெயில் கொளுத்துற நேரத்துல.

எங்களது ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி, ஒண்ணாப்புல இருந்து அஞ்சாப்பு வரைக்கும் மொத்தமே நாப்பத்து சொச்சம் புள்ளைங்க, ஹெச்எம் ஒருத்தங்க, நான் ஒருத்தி. அறுபது புள்ளைங்க வரைக்கும் ரெண்டு டீச்சர்ங்கிறது சட்டத்துலயே இருக்கிற கணக்கு. நான் ஹெச்எம்கிட்ட முன்னாடியே சொல்லிட்டேன், பெரியவங்க விழா எப்ப வேணா வச்சுக்கலாம், பொன்னாடை, மாலை, வட்டாரக் கல்வி அலுவலர் பேச்சு எல்லாம் அதுல இருக்கட்டும், ஆனா புள்ளைங்களுக்குன்னு தனியா ஒரு அரைமணி நேரம் வேணும், அதுல வேற யாரும் பேசக் கூடாதுன்னு. அவங்க சரின்னுட்டாங்க.

ஏன் இவ்வளவு பிடிவாதம்னா, நான் எத்தனையோ பிரிவு உபசார விழா பாத்துட்டேன். புள்ளைங்களை ஜமக்காளத்துல பத்து மணிக்கே உக்கார வச்சுருவாங்க. சிறப்பு விருந்தினர் பதினொண்ணரைக்கு வருவாரு. அப்புறம் ஒவ்வொருத்தரும் மைக்கைப் பிடிச்சு மேடையில இருக்கிற அத்தனை பேர் பேரையும் பதவியோட சொல்லி முடிக்கவே அஞ்சு நிமிஷம் ஆகும், அதுக்குள்ள ரெண்டாப்புப் புள்ளைங்க ஜமக்காள நூலை உருவ ஆரம்பிச்சிருக்கும். கடைசியா ரிட்டயர் ஆகுறவரு எந்திரிச்சு ஏற்புரைன்னு பேசுவாரு, பேச்சு முழுக்கப் பெரியவங்களுக்கு. ஒருதடவை பக்கத்துப் பள்ளிக்கூடத்து சார் ஒருத்தர் ரொம்ப உருக்கமா, "என் கடைசி மூச்சு வரைக்கும் உங்களை மறக்க மாட்டேன், கண்ணீரோடு விடைபெறுகிறேன்"னு முடிச்சாரு. எல்லாரும் கண்ணைத் தொடச்சாங்க. எனக்குப் பக்கத்துல உக்காந்திருந்த சின்னப் பொண்ணு என் சேலையை இழுத்து, "டீச்சர், சாருக்கு என்ன வியாதி?"ன்னு கேட்டுச்சு. அது கேட்டது நியாயம்தான, கடைசி மூச்சு, கண்ணீர், விடை, இதெல்லாம் அது எங்க கேட்டிருக்கும், எழவு வீட்டுலயும் சீரியல்லயும்தான்.

அதனால நான் எழுத உக்காந்தப்ப முதல்ல என்ன பேசலாம்னு யோசிக்கல. பிப்ரவரியில இருந்தே நான் போகப் போறேன்னு புள்ளைங்களுக்குத் தெரியும், அதுங்க சும்மா வந்து சும்மா கேக்குறதை எல்லாம் பாடக்குறிப்பேட்டோட பின்பக்கத்துல குறிச்சு வச்சேன். "நாங்க சத்தம் போடுறோம்னா போறீங்க?" இது மூணாப்பு. "டிரான்ஸ்பரா டீச்சர்?" இது அஞ்சாப்பு, அதுக்கு விவரம் தெரியும். "உங்களுக்கு ஒடம்பு சரியில்லையா?" "எங்க வீட்டுக்குப் பக்கத்துல குடி வர்றீங்களா?" "அப்ப எங்களுக்கு யாரு?" "கதை பொஸ்தக பீரோ சாவி யார்ட்ட இருக்கும்?" எல்லாத்தையும் சேத்துப் பாத்தா மூணே விஷயம்தான். ஏன் போற, எங்க போற, நாளைக்கு எங்க கதி என்ன. ஆனா பெரியவங்க பேச்சுல இந்த மூணுக்குமே பதில் இருக்காது, முப்பது வருஷம் உழைச்சேன்னு இருக்கும், நீங்கதான் நாளைய இந்தியான்னு இருக்கும்.

ஏன் போறேங்கிறதுதான் கஷ்டம். அறுபது வயசுன்னா ஒண்ணாப்புப் புள்ளைக்கு அது ஒரு எண்ணே இல்ல, பாட்டிக்கும் அறுபது, புளியமரத்துக்கும் அறுபது. பெரியவங்களுக்கே இதுல குழப்பம், ஏன்னா நான் வேலைக்கு வந்தப்ப 58 தான் கணக்கு, 2020ல 59 ஆக்குனாங்க, 2021ல 60 ஆக்குனாங்க, அதனால ஊர்ல பலபேர் "நீங்க அப்பவே ரிட்டயர் ஆகலையா"ன்னு கேட்டுட்டே இருந்தாங்க. இதை எல்லாம் புள்ளைங்ககிட்டச் சொல்லிப் பிரயோஜனம் இல்ல. கையால தொட்டுப் பாக்குற மாதிரி ஏதாவது வேணும்னு யோசிச்சப்பதான் காது ஞாபகம் வந்துச்சு. பேச்சை அங்கேயே ஆரம்பிச்சேன்.

"புள்ளைகளா, எல்லாரும் வலது கையைத் தூக்குங்க. தலைக்கு மேல கொண்டு போங்க. அந்தப் பக்கம் இருக்கிற காதைத் தொடுங்க. தொட்டாச்சா? தலையைச் சாய்க்கக் கூடாது. சரி, கையை இறக்கலாம்.

நான் உங்களை மாதிரி சின்னப் புள்ளையா இருந்தேன். எங்க அப்பா என்னைய பள்ளிக்கூடத்துல சேக்கக் கூட்டிட்டுப் போனாரு. அங்க பெரிய வாத்தியார் இருந்தாரு. 'புள்ளை என்னைக்குப் பொறந்துச்சு?'ன்னு கேட்டாரு. எங்க அப்பாவுக்குத் தேதி தெரியல. 'நல்ல மழை அன்னைக்குப் பொறந்தா'ன்னு சொன்னாரு. பெரிய வாத்தியார் சிரிச்சாரு. அப்புறம் என்னைக் கூப்பிட்டு, காதைத் தொடுன்னாரு. நான் தொட்டேன். எனக்கு எட்டிருச்சு! 'சரி, அஞ்சு வயசு ஆயிருச்சு'ன்னு சொன்னாரு. நோட்டை எடுத்தாரு. மே மாசத்துல ஒரு தேதி எழுதுனாரு. அன்னையில இருந்து அதுதான் என் பொறந்த நாள்."

இந்த இடத்துல பெரிய சிரிப்பு, ஏன்னா ஒண்ணாப்புல ஒரு பொடிசு இன்னமும் கையை இறக்காம காதைப் பிடிச்சுட்டே உக்காந்திருந்துச்சு. பெரியவங்களுக்கு இது புதுசு இல்ல. ஜூன்ல பள்ளிக்கூடம் திறக்குறப்ப அஞ்சு வயசு முடிஞ்சிருக்கணும், அதுக்குத் தோதா மே மாசத்துலயோ ஜூன் முதல் தேதியோ எழுதி வச்சுருவாங்க, அப்படி எழுதுன தேதிதான் அத்தனை வருஷம் கழிச்சு வந்து நம்மளை வீட்டுக்கு அனுப்புது. புள்ளைங்ககிட்ட அதைச் சொல்லல, அடுத்து நேரா எண்ணிக்கைக்குப் போயிட்டேன்.

"அஞ்சாப்புல ஆறு பேர் முன்னாடி வாங்க. வரிசையா நில்லுங்க. உங்களுக்கு எத்தனை வயசு? பத்து. பத்து விரலையும் காட்டுங்க. மத்தவங்க எல்லாரும் எண்ணுங்க. பத்து, இருபது, முப்பது, நாப்பது, அம்பது, அறுபது. இத்தனை வயசு எனக்கு. இந்த ஆறு பேரோட வயசும் சேந்தா ஒரு டீச்சர்.

நம்ம அரசாங்கத்துல ஒரு விதி இருக்கு. அறுபது வயசு ஆனா வேலையை அடுத்தவங்களுக்குக் குடுத்துட்டு வீட்டுக்குப் போகணும். போலீசுக்கும் இதே விதி. தாசில்தாருக்கும் இதே விதி. எனக்கும் இதே விதி. நான் போறதுக்கு இது ஒண்ணுதான் காரணம். நீங்க சத்தம் போட்டதால போகல. நீங்க எதுவும் தப்பு செய்யல. எனக்கு உங்க மேல கோவம் இல்ல. எனக்கு ஒடம்பு நல்லா இருக்கு. இன்னைக்குக் காலையில ஆறு இட்லி சாப்பிட்டேன்."

"முதலமைச்சருக்கும் விதியா டீச்சர்?"னு ஒரு நாலாப்புக்காரன் கேட்டான். அவருக்கு இந்த விதி கிடையாது, அவரை ஓட்டுப் போட்டு அனுப்புறோம்னு சொன்னேன். ஹெச்எம் டீச்சர் சிரிப்பை அடக்க முடியாம வெளிய போயிட்டாங்க.

ஒடம்பு நல்லா இருக்கு, கோவம் இல்ல, நீங்க காரணம் இல்ல, இந்த மூணையும் ஒவ்வொண்ணா, தனித்தனி வாக்கியமா, சுத்தி வளைக்காம சொல்லணும்னு நான் ரொம்பக் கவனமா இருந்தேன். "உங்க எல்லாரையும் எனக்குப் பிடிக்கும்"னு சொன்னா அதுலயே எல்லாம் அடங்கிருச்சுன்னு நாம நினைப்போம். சத்தம் போட்டதாலதான் டீச்சர் போறாங்கன்னு மனசுக்குள்ள நினைச்சுட்டிருக்கிற புள்ளைக்கு அது பத்தாது, அது நினைச்ச அதே வார்த்தையில இல்லைன்னு சொல்லணும்.

எழுதுனதை முன்கூட்டியே மாடி வீட்டு மூணாப்புப் பையனுக்குப் படிச்சுக் காட்டுனேன். படிச்சு முடிச்சதும், மேல போய் உங்க அம்மாகிட்ட நான் என்ன சொன்னேன்னு சொல்லுன்னு அனுப்பிட்டு, படியில நின்னு கேட்டேன். காது, விரல், ஆடு, சாவி எல்லாம் சொன்னான். நடுவுல ஒரு பத்தி, நான் வேலைக்கு வந்த கதை, ஸ்லேட்டு, ஒழுகுற ஓட்டுக் கட்டடம், அப்புறம் முப்பருவப் பாடமுறை வந்தது, எண்ணும் எழுத்தும் திட்டம் வந்தது, எனக்கு ரொம்பப் பிடிச்ச பத்தி, அவன் வாயில ஒரு வார்த்தை கூட வரல. அதை எடுத்துட்டேன். இதை விட நல்ல சோதனை எனக்குத் தெரியல. தலையாட்டிட்டுக் கேக்குற புள்ளைக்குப் புரிஞ்சிருச்சுன்னு நினைக்கக் கூடாது, மரியாதைக்காக ஆட்டும். திருப்பிச் சொல்லச் சொன்னாத்தான் தெரியும்.

இன்னொரு விஷயம் மைக். வேணாம்னேன், பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவி கேக்கல, ஏற்கனவே சொல்லியாச்சுன்னாங்க. மைக் செட் தம்பிகிட்டப் போய் எக்கோவை முழுசா அணைக்கச் சொன்னேன். "அக்கா, எக்கோ இல்லாட்டி குரல் எடுபடாது"ன்னான். கல்யாண மண்டபத்துல அது சரி. வகுப்பறையில ஓட்டுக் கூரைக்குக் கீழ எக்கோ போட்டா ஒவ்வொரு சொல்லோட வாலும் அடுத்த சொல்லு மேல விழுந்து புள்ளைங்களுக்கு வெறும் இரைச்சல்தான் கேக்கும், தெரிஞ்ச வார்த்தையா இருந்தா பெரியவங்க ஊகிச்சுக்குவோம், அதுங்களால முடியாது. கடைசியில மைக்கை ஓரமா வச்சுட்டு ஒண்ணாப்பு நாற்காலி ஒண்ணை இழுத்துப் போட்டு உக்காந்துதான் பேசுனேன். புள்ளைங்க என்னைச் சுத்தி அரைவட்டமா, சின்னது முன்னாடி, பெருசு பின்னாடி.

அடுத்தது கதை. ஒரே ஒரு கதைதான்னு முடிவு பண்ணிருந்தேன். எங்க வகுப்புல சுவரைச் சுத்தி இடுப்பு உயரத்துக்குக் கீழ கரும்பலகை ஓடும், பல பள்ளிக்கூடங்கள்ல இன்னும் இருக்கும், 2007 வாக்குல செயல்வழிக் கற்றல் மாநிலம் பூரா வந்தப்ப போட்டது. அதுக்கு முன்னாடி பலகைன்னா அது டீச்சரோடது. இது வந்தப்புறம் ஒவ்வொரு புள்ளைக்கும் சுவத்துல ஒரு கட்டம். இப்ப இருக்கிற புள்ளைங்களுக்கு அது எப்பவுமே அங்க இருக்கிற பொருள், அதுக்கு ஒரு கதை இருக்குன்னு தெரியாது.

"அந்தக் கீழ்ப்பலகையைத் திரும்பிப் பாருங்க. உங்க அக்கா அண்ணனுங்க எல்லாம் அதுல எழுதுனாங்க. ஒரு பையன் ஒண்ணாப்புல சேந்தான். அவன் பேசவே மாட்டான். பேரு கேட்டாலும் பேச மாட்டான். 'அ' எழுதுன்னா எழுத மாட்டான். ஆனா தினமும் அவன் கட்டத்துல ஒரு ஆடு வரைவான். ஒரு ஆடு. மறுநாளும் ஒரு ஆடு. நான் திட்டல. பக்கத்துல உக்காந்து பாத்தேன். ஒரு நாள் பாத்தா மூணு ஆடு இருக்கு. ஒண்ணு பெருசு, ரெண்டு குட்டியூண்டு. நான், 'என்னடா இது, ரெண்டு ஆடு எங்க இருந்து வந்துச்சு?'ன்னு கேட்டேன். அவன் என்னைப் பாத்தான். 'குட்டி போட்டுருச்சு டீச்சர்'ன்னான். அதுதான் அவன் பேசுன முதல் பேச்சு.

அப்புறம் 'ஆ' எழுதுனான். 'டு' எழுதுனான். இப்ப அவன் பெரிய ஆள் ஆயிட்டான். ஆடு மேய்க்கல. லாரி ஓட்டுறான். நிறையப் பேசுறான், நிறுத்தவே மாட்டேங்கிறான்."

இந்தக் கதைக்குப் பின்னாடி "அதனால நீங்களும்"னு ஒரு வரி சேத்துருவோம், ஆசிரியர் புத்தி. நானும் எழுதி வச்சிருந்தேன், ஒவ்வொருத்தருக்குள்ளயும் ஒரு திறமை இருக்குன்னு. அடிச்சுட்டேன். கதையிலயே அது இருக்கு, தனியா சொன்னா அது பாடமாயிரும், அப்புறம் புள்ளைங்க வினா விடை வரப்போகுதுன்னு முதுகை நிமித்தி உக்காந்துருங்க. அதே மாதிரி இப்ப வகுப்புல இருக்கிற புள்ளை ஒண்ணோட பேரைக் கூடச் சொல்லல. ஒருத்தனைச் சொன்னா மிச்ச நாப்பது பேரும் தன் பேரு வரும்னு கடைசி வரைக்கும் காத்துட்டிருக்கும், வராது.

எங்க போறேங்கிறதுல ஒரே ஒரு எச்சரிக்கை. "அடிக்கடி வருவேன்"னு சொல்லவே கூடாது. பெரியவங்களுக்கு அது மரியாதைப் பேச்சு, புள்ளைங்களுக்கு அது வாக்கு. திங்கக்கிழமை வாசலைப் பாத்துட்டு நிக்கும். அதனால உறுதியா செய்ய முடியுறதை மட்டும் சொன்னேன்.

"நான் என் வீட்டுலதான் இருப்பேன். வீடு உங்களுக்குத் தெரியும், பால் சொசைட்டிக்குப் பக்கத்து வீடு. தினமும் பள்ளிக்கூடம் வர மாட்டேன். ஆகஸ்ட் 15 கொடி ஏத்துறப்ப வருவேன். அன்னைக்கு மிட்டாய் வாங்குற வரிசையில நானும் நிப்பேன். கடைத்தெருவுல பாத்தா பேசலாம். ஓடி ஒளிய வேணாம்.

ஜூன் மாசம் பள்ளிக்கூடம் திறக்கும். ஹெச்எம் டீச்சர் இருப்பாங்க. சமையல் அம்மா இருப்பாங்க. காலைச் சாப்பாடு அக்கா இருப்பாங்க. என் எடத்துக்குப் புது டீச்சர் வருவாங்க. அவங்க உடனே வரலாம், கொஞ்ச நாள் கழிச்சும் வரலாம். அது வரைக்கும் ஹெச்எம் டீச்சரே அஞ்சு வகுப்பையும் பாப்பாங்க. அவங்களுக்கு உதவி வேணும்.

இது கதை பொஸ்தக பீரோ சாவி. இது ஹெச்எம் டீச்சர் மேசையில ரெண்டாவது டிராயர்ல இருக்கும். இப்ப நாலாப்பு படிச்சவங்க ஜூன்ல அஞ்சாப்பு. பீரோவைத் திறக்குறது இனிமே அவங்க வேலை. வெள்ளிக்கிழமை மத்தியானம். எப்பவும் போல.

புது டீச்சருக்கு உங்க பேரு தெரியாது. மோட்டார் எங்க இருக்குன்னு தெரியாது. எந்த ஜன்னல் கொக்கி மாட்டாதுன்னு தெரியாது. நீங்கதான் சொல்லிக் குடுக்கணும்."

அந்தக் கடைசி வரியில அஞ்சாறு கை மேல வந்துச்சு, மூணாவது ஜன்னல் டீச்சர், மூணாவது ஜன்னல்னு. புது டீச்சர் ஜூன்லயே வந்துருவாங்கன்னு என்னால சொல்ல முடியாது, பொது மாறுதல் கலந்தாய்வு எப்ப நடக்கும், எங்க ஊரை யாரு எடுப்பாங்கன்னு எனக்கு என்ன தெரியும், மெயின் ரோட்டுல இருந்து உள்ள போற ஊர்னாலே இடம் கொஞ்சம் காலியாத்தான் கிடக்கும். வந்துருவாங்கன்னு சொல்லி வராமப் போனா, டீச்சர் போனதோட டீச்சர் சொன்னதும் பொய்யாயிரும்.

மொத்தம் பத்து நிமிஷம் கூட இல்ல. அழுகை வருமான்னு பயம் இருந்துச்சு, வந்துச்சு, சாவியைக் காட்டுறப்ப. நிறுத்திட்டுத் தண்ணி குடிச்சேன், "டீச்சருக்குக் கொஞ்சம் வருத்தமா இருக்கு, பரவால்ல"ன்னு சொல்லிட்டு விட்ட எடத்துல இருந்து தொடர்ந்தேன். மறைச்சா பயந்துரும்ங்க, என்னமோ ஏதோன்னு. ஆனா "என்னை மறந்துருவீங்களா?"ன்னு மட்டும் கேக்கல, அதுக்கு அந்த வயசுல என்ன பதில் சொல்லும், நம்ம வருத்தத்துக்குப் புள்ளைங்க ஆறுதல் சொல்ற நிலைமை வரக் கூடாது.

மிச்ச நேரத்தைக் கேள்விக்கு விட்டேன். உங்க ஸ்கூட்டியை யாருக்குக் குடுப்பீங்க, இனிமே காலையில எத்தனை மணிக்கு எந்திரிப்பீங்க, உங்களுக்குச் சம்பளம் வருமா, இப்படிப் போச்சு. கடைசியா ரெண்டாப்புல ஒரு புள்ளை, ரொம்ப நேரம் கையைத் தூக்குறதும் இறக்குறதுமா இருந்தது, எந்திரிச்சு, "புது டீச்சர் அடிப்பாங்களா?"ன்னு கேட்டுச்சு.

வகுப்பே அமைதி. அத்தனையும் இதைத்தான் கேக்க நினைச்சிருக்கும் போல. அடிக்கக் கூடாதுன்னு சட்டமே இருக்கு, யாரும் அடிக்க மாட்டாங்க, அப்படி யாராவது அடிச்சா ஹெச்எம் டீச்சர்கிட்டயும் அம்மாகிட்டயும் அன்னைக்கே சொல்லணும், சொல்றது கோள் சொல்றது இல்லைன்னு சொன்னேன். ஹெச்எம் டீச்சரையும் முன்னாடி கூப்பிட்டு, அவங்க வாயாலயே இன்னொரு தடவை சொல்ல வச்சேன், ஜூன்ல இருக்கப் போறது அவங்கதான. அந்தப் புள்ளை அப்பவும் உக்காரல. "அப்ப வீட்டுப்பாடம் எழுதாம வந்தா?"ன்னுச்சு. அதை ஹெச்எம் டீச்சர்கிட்டயே கேளுன்னு விட்டுட்டேன்.